மட்டும் படுத்திய பாடு

ஒரு பத்திரிகைக்கு நான் எழுதிய மதிப்புரை ஒன்றினால், என்மேல் மிகுந்த மதிப்பு வைத்திருந்த ஓர் இளைஞருடைய மனத்தை நோகச் செய்துவிட்டேன். அவர் எழுதியது மட்டமான புத்தகம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். நான் சொன்னது புகழ்ச்சி. அல்லது, புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு எழுதியது. அந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அதன் விளைவாக ஏற்பட்ட சங்கடத்தையும், அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. புத்தகத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பிழை என்னுடையதாக இருக்கும்போது அவர் பெயர் எதற்கு?

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், பொன்மலைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர். அது அவருடைய மூன்றாவது நாவல். ஸ்ரீரங்கத்தில் நடக்கும் கதை. ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுத உட்காருகிற எவருக்கும் ஒரு பெரிய சபலம் உண்டு. ஏழு பிராகாரங்கள் இருக்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்று, 1987-இல் முழுமை பெற்ற 236 அடி ராஜகோபுரம் இருக்கிறது. இரு புறமும் காவேரியும் கொள்ளிடமும் இருக்கின்றன. இவற்றை வர்ணிக்கத் தொடங்கினால் இருபது பக்கம் தானாக ஓடிவிடும். மனிதர்கள் அந்த வர்ணனைக்கு ஓரமாக நின்றுகொண்டிருப்பார்கள். இந்த இளைஞரோ கோபுரத்தை ஏறெடுத்தே பார்க்கவில்லை. ஒரு வீட்டுத் திண்ணை, அதில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர், அவர்களுக்குள் ஒரு பாகப் பிரிவினை வழக்கு, அவ்வளவுதான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்ல நினைத்து, மதிப்புரையின் கடைசிப் பாராவில் இப்படி எழுதினேன்:

"இந்த நாவலில் மட்டும் ஆசிரியர் மனிதர்களைப் பார்த்திருக்கிறார்."

பத்திரிகை வந்த நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, தெப்பக்குளத்தை அடுத்த சந்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும் வரையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு மிகவும் பணிவாக, "சார், ஒரு சந்தேகம். அப்படியானால் முதல் இரண்டு நாவல்களில் நான் யாரைப் பார்த்தேன்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பத்திரிகையைப் பிரித்து அந்த வரியைக் காட்டினார். நான் படித்தேன், மறுபடியும் படித்தேன். வாய் அடைத்துப்போயிற்று.

"முதல் இரண்டு புத்தகத்துக்கும் அச்சுக்கூலி கொடுத்தது என் அண்ணா, சார். அவர் இதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்" என்றார்.

நான் சொல்ல விரும்பியது, "இந்த நாவலில் ஆசிரியர் மனிதர்களை மட்டும் பார்த்திருக்கிறார்" என்பது. கோபுரத்தையும் ஆற்றையும் விட்டுவிட்டு மனிதர்களிடமே கண்ணை வைத்திருக்கிறார் என்று பாராட்ட நினைத்தேன். நகல் எடுக்கும்போது வாக்கியம் கொஞ்சம் எடுப்பாகத் தொடங்கட்டும் என்று எனக்கே தெரியாமல் அந்த 'மட்டு'மைத் தூக்கி முன்னால் போட்டுவிட்டேன். இரண்டு சொல் தூரந்தான் அது நகர்ந்தது. அந்த இரண்டு சொல் தூரத்தில் அவருடைய ஆறு வருஷ உழைப்பு கீழே விழுந்துவிட்டது.

அவர் போன பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அந்த வாக்கியத்தை மட்டும் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். "இந்த நாவலில் ஆசிரியர் மனிதர்களைப் பார்த்திருக்கிறார்." பிறகு 'மட்டு'மை ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் வரிசையாக வைத்துக்கொண்டு போனேன்.

'இந்த நாவலில் மட்டும்' என்றால், மற்ற நாவல்களில் அவர் மனிதர்களைப் பார்க்கவில்லை. 'ஆசிரியர் மட்டும்' என்றால், அவர் பார்த்திருக்கிறார், அவருடைய பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கதையில் எல்லாரும் குருடர்கள். 'மனிதர்களை மட்டும்' என்றால், கோபுரத்தையும் ஆற்றையும் பார்க்கவில்லை. வினையின்மேல் ஏற்றி, 'பார்க்க மட்டும் செய்திருக்கிறார்' என்றால், பார்த்ததோடு சரி, புரிந்துகொள்ளவில்லை. ஒன்று முந்திய புத்தகங்களின்மேல் விழுகிற அடி, ஒன்று பாத்திரங்களின்மேல் குறை, ஒன்று பாராட்டு, ஒன்று பரிகாசம். சொற்கள் ஏறக்குறைய அவையேதான்.

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான்கு வாக்கியங்களுக்கும் பொதுவான சங்கதி ஒன்று இருக்கிறது: இந்த நாவலில் ஆசிரியர் மனிதர்களைப் பார்த்திருக்கிறார். அதில் எந்த வாக்கியமும் கை வைக்கவில்லை. மாறுவதெல்லாம் இல்லை என்று சொல்லப்படுகிற பகுதிதான். 'மட்டும்' தான் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. வாக்கியத்துக்குள் வராமல் வெளியே நிற்கிறவர்களைப் பற்றித்தான் அது பேசுகிறது. அவர்கள் வாக்கியத்தில் இல்லாததனால் எழுதுகிறவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே நிறுத்தப்பட்டவன் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நான் காணாததை அந்த இளைஞரும் அவருடைய தமையனாரும் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒருவர் என்னை மறுத்து, "மனிதர்களை மட்டுமா பார்த்திருக்கிறார்?" என்று கேட்டால், அவர் சந்தேகப்படுவது எதை? மனிதர்களைப் பார்த்ததை அல்ல. அதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். வேறு எதையும் பார்க்கவில்லை என்பதைத்தான் சந்தேகிக்கிறார். ஆகவே மட்டும் போட்ட வாக்கியத்தில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று சண்டை சச்சரவு இல்லாமல் உள்ளே நுழைந்துவிடும். மற்றொன்றுதான் வாதத்துக்கு உரியது.

மறுநாள் நானே ஸ்ரீரங்கம் போனேன். இளைஞரைப் பார்க்கத் தைரியம் இல்லை. உத்தர வீதியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தர்க்க சாஸ்திரம் படித்தவர், இப்போது பார்வை மங்கிவிட்டது. அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஓய், நீர் செய்தது புதுத் தப்பு இல்லை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இதற்கு வைத்தியம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எழுதினவர் எங்கள் பக்கத்து ஆசாமியும் இல்லை. தர்மகீர்த்தி என்கிற பௌத்தர். ஏழாம் நூற்றாண்டு. பிற்பாடு நையாயிகர்களும் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நல்ல சரக்காயிருந்தால் எந்தக் கடையாயிருந்தால் என்ன?" என்றார்.

ஸம்ஸ்கிருதத்தில் 'ஏவ' என்று ஒரு சொல். நம்முடைய ஏகாரத்துக்கும் 'தா'னுக்கும் ஏறக்குறைய ஈடானது. அது வாக்கியத்தில் மூன்று இடங்களில் உட்காரலாம், உட்காரும் இடத்தைப் பொறுத்து மூன்று வெவ்வேறு மறுப்புகளைச் செய்யும் என்று அவர் விளக்கினார். அந்த மூன்றுக்கும் சாஸ்திரத்தில் நாக்கு சுளுக்கும்படியான பெயர்கள் இருக்கின்றன. அவற்றை விட்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம். அவை தர்க்கம் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தவை.

முதல் உதாரணம், பார்த்தனே வில்லாளி என்பது. ஏகாரம் எழுவாயோடு சேர்ந்திருக்கிறது. இது மற்றவர்களை விலக்குகிறது: அர்ச்சுனனைத் தவிர வேறொருவன் வில்லாளி இல்லை. இரண்டாவது, சங்கு வெள்ளையே என்பது. ஏகாரம் இப்போது பண்போடு சேர்ந்திருக்கிறது. இது வேறு பொருள்களைப் பற்றிப் பேசவே இல்லை. பாலும் வெள்ளை, மல்லிகையும் வெள்ளை; அதற்குத் தடை இல்லை. வெள்ளை இல்லாத சங்கு உண்டு என்பதைத்தான் அது மறுக்கிறது. மூன்றாவது, தாமரை நீலமாக இருக்கத்தான் இருக்கிறது என்பது போன்றது. இங்கே அழுத்தம் வினையின்மேல் விழுகிறது. எல்லாத் தாமரையும் நீலம் என்றும் சொல்லவில்லை. தாமரைதான் நீலம் என்றும் சொல்லவில்லை. நீலத் தாமரை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ஒருவர் சாதித்தால், அதை மறுப்பதோடு நின்றுவிடுகிறது.

"இடத்தை மாற்றிப் பாரும்" என்றார் பெரியவர். "சங்கே வெள்ளை என்று சொல்லும். பால் கறுத்துப்போய்விடும். பார்த்தன் வில்லாளியே என்று சொல்லும். அவன் வில்லாளியா இல்லையா என்று எவனோ சந்தேகப்பட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி ஆகும். மற்ற வில்லாளிகள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகலாம். ஒரு குறிலோ நெடிலோ இல்லை, ஓர் ஏகாரம் இப்படியும் அப்படியும் போகிறது. உலகமே மாறிப்போகிறது, பார்த்தீரா?"

தமிழ் இலக்கணக்காரர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் நன்னூல் ஆறு பொருளும் சொல்கின்றன. இரண்டிலும் 'பிரிநிலை' ஒன்று, 'தேற்றம்' ஒன்று. கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து நிறுத்துவது பிரிநிலை. பார்த்தனே என்பது அது. ஐயமில்லை என்று உறுதி சொல்வது தேற்றம். வெள்ளையே என்பது அது. 'மட்டும்' பிரிநிலை வேலையை நன்றாகச் செய்யும். தேற்ற வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது. சங்கு வெள்ளை மட்டும் என்றால் சங்குக்கு நிறத்தைத் தவிர ஓசையோ வடிவமோ இல்லை என்று ஆகிவிடும். நம் பத்திரிகைகளில் உறுதி சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'மட்டுமே' என்று போடும் பழக்கம் வந்திருக்கிறது. அங்கே 'தான்' போதும்.

நான் விடவில்லை. "இங்கிலீஷில் இப்படிக் கஷ்டம் இல்லையே, ஸ்வாமி" என்றேன். கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த இங்கிலீஷ் இலக்கணம் கொஞ்சம் உண்டு. அந்த மொழியில் 'ஒன்லி' என்ற சொல்லை வினைக்கு முன்னால் போட்டுவிட்டு, எதைச் சுட்டுகிறோம் என்பதைக் குரலுக்கு விட்டுவிடலாம். இது தவறு, எந்தச் சொல்லைச் சுட்டுகிறதோ அதற்குப் பக்கத்தில் வை என்று 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் கண்டித்தார். வழக்கத்தில் யாருக்கும் குழப்பம் இல்லாதபோது ஏன் இத்தனை கண்டிப்பு என்று 1926-இல் ஃபௌலர் வழக்கத்துக்காகப் பரிந்து பேசினார். இன்னும் அங்கே சண்டை ஓயவில்லை.

"அவர்களுக்குச் சண்டை போட இடம் இருக்கிறது, உமக்கு இல்லை. தமிழில் மட்டும் என்பது முந்தின சொல்லுக்கு வால். மாட்டின் வால் குதிரைக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது குதிரை வால்தான்" என்றார் பெரியவர்.

அது உண்மை. வாசகன் நம் குரலைக் கேட்பதில்லை, வாலைத்தான் பார்க்கிறான். ஆனாலும் வால் சரியான இடத்தில் இருந்தும் சந்தேகம் தீராத இரண்டு சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. அவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, அடைமொழி. "எங்கள் கடையில் சுத்தமான நெய் மட்டும் விற்கப்படும்" என்று ஒரு பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலப்பட நெய் விற்பதில்லை என்று பொருளா, எண்ணெய் விற்பதில்லை என்று பொருளா? 'சுத்தமான மட்டும் நெய்' என்று தமிழில் சொல்ல முடியாது. வாலை அடைமொழியில் ஒட்ட வழியில்லை. வாயால் சொன்னால் 'சுத்தமான' என்பதை அழுத்திச் சரிசெய்யலாம். எழுத்தில் வாக்கியத்தையே மாற்றித்தான் ஆக வேண்டும்: "நெய்யில் சுத்தமானதை மட்டும் விற்கிறோம்." இதே கடைக்காரர் 'எங்கள் கடையில் மட்டும் சுத்தமான நெய்' என்று எழுதினாரானால் கதை வேறு. அப்போது பெரிய கடைவீதி முழுவதையும் கலப்படக்காரர்கள் என்று சொல்லியாயிற்று.

இரண்டாவது, எதிர்மறை. "மனிதர்களை மட்டும் பார்க்கவில்லை" என்பதை எப்படிப் படிப்பது? மற்ற எல்லாவற்றையும் பார்த்தார், மனிதர்கள்தான் விட்டுப்போயிற்று என்று ஒரு பொருள். மனிதர்களோடு நிற்காமல் ஆற்றையும் பார்த்தார் என்று அதற்கு நேர்மாறான இன்னொரு பொருள். நம் பேச்சில் முதல் பொருளே இயல்பு. "சாம்பாரில் உப்பு மட்டும் இல்லை" என்று மனைவி சொன்னால், உப்போடு பெருங்காயமும் இருக்கிறது என்று எவனும் நினைக்க மாட்டான். இரண்டாவது பொருள் வேண்டுமானால் "மனிதர்களை மட்டுமல்ல, ஆற்றையும் பார்த்தார்" என்று 'அல்ல'வை அந்தச் சொல்லிலேயே கட்டிவிட வேண்டும். மறுப்பை வாக்கியத்தின் கடைசிக்கு அனுப்பினால் ஆபத்து.

பெரியவர் கடைசியாகக் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. "சரி, மட்டுமை மனிதர்களுக்குப் பக்கத்திலேயே வைத்தீர் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்களை மட்டும். எதை விட்டுவிட்டு?"

"கோபுரத்தை, ஆற்றை..."

"அது உம்முடைய மனத்தில் இருக்கிறது. பத்திரிகையில் இருக்கிறதா? இன்னொருத்தன், மனிதர்களைப் பார்த்தார், தெய்வத்தைப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வானே? ஸ்ரீரங்கத்து நாவலுக்கு அது பாராட்டா?"

அவர் அதோடு நிற்காமல் தம் ஊர்க் கதையையே உதாரணம் காட்டினார். கீதையின் சரம சுலோகத்தில் 'ஏகம்' என்று ஒரு சொல் வருகிறது. என்னை ஒருவனையே சரணம் என்று பற்று என்பது கருத்து. அந்தச் சொல் எதைச் சேர்ந்தது என்பதில் பெரிதாக வழக்கு இல்லை. வெளியே நிற்பவை எவை என்பதில்தான் ஆசாரியர்கள் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். மற்ற உபாயங்கள் வெளியே. அது எல்லாருக்கும் சம்மதம். பற்றுகிறானே, அந்தப் பற்றுதல் என்கிற செயல் உள்ளேயா வெளியேயா? ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர் தம்முடைய முமுக்ஷுப்படியில், அந்தப் பற்றுதலையும் உபாயம் என்று எண்ணலாகாது, அதையும் 'ஏகம்' விலக்குகிறது என்று கொள்கிறார். வேதாந்த தேசிகருக்கும் பெருமாள்தான் உபாயம். ஆனால் சேதனன் செய்கிற சரணாகதி ஒரு வியாஜமாகவாவது வேண்டும். இதோடு சேர்ந்த கேள்விகளிலிருந்துதான் தென்கலை, வடகலை என்ற கருத்து வேற்றுமை வளர்ந்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம் சிறியது. இடம் சரியாக இருந்தாலும் போதாது. விலக்கப்பட்டவர்களின் பட்டியலை 'மட்டும்' தன்னோடு கொண்டுவருவதில்லை. எழுதுகிறவன் கொடுக்காவிட்டால் படிக்கிறவன் தன் கையிலிருந்து ஒரு பட்டியலைப் போட்டுக்கொள்வான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, காவேரிப் பாலத்தின்மேல், நான் எழுதிய பழைய மதிப்புரைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. "தஞ்சை மாவட்டத்துக் குடியானவனை இவர் மட்டும்தான் உண்மையாக எழுதியிருக்கிறார்" என்று ஒரு சமயம் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? "இவர் குடியானவனை மட்டும்தான் எழுதியிருக்கிறார்" என்று சொல்ல அந்த ஒருவருடைய புத்தகங்கள் அத்தனையையும் படித்திருந்தால் போதும். "இவர் மட்டும்தான்" என்று சொல்ல, குடியானவனைப் பற்றித் தமிழில் எழுதிய எல்லாரையும் படித்திருக்க வேண்டும். சொல் இரண்டு அங்குலம் நகர்ந்தது. எனக்கு இருந்திருக்க வேண்டிய படிப்போ ஓர் அலமாரியிலிருந்து ஒரு நூல்நிலையமாகப் பெருகிவிட்டது. நான் படித்திருந்ததோ ஏழெட்டுப் பேரை. மதிப்புரை எழுதுகிற நாங்கள் பாராட்டை ஏற்ற இந்தச் சொல்லை எளிதில் எடுத்துவிடுகிறோம்; அதற்கு உரிய விலையை, பெயர் சொல்லப்படாத மற்ற எழுத்தாளர்கள் தலையில் கட்டிவிடுகிறோம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் 'மட்டும்', 'தான்', ஏகாரம் இவை வரும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது சொல்லாமல் சொல்லும் மற்றப் பாதி வாக்கியத்தை முழுதாக எழுதுவேன். 'இந்த நாவலில் மட்டும்' என்பதற்கு எதிரே, 'இவருடைய மற்ற நாவல்களில் மனிதர்களைப் பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும். அந்த இரண்டாவது வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போடத் துணிவு இருந்தால் முதல் வாக்கியம் நிற்கலாம். இல்லாவிட்டால் சொல்லை நகர்த்த வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். நான் கண்டவரையில், பத்துக்கு ஆறு இடங்களில் எடுத்துவிட்டாலும் வாக்கியத்துக்கு ஒன்றும் குறைந்துபோவதில்லை.

பத்திரிகாசிரியருக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். சொல்லை நகர்த்தியதோடு நிற்கவில்லை. பெரியவர் கேட்ட கேள்விக்கும் அதிலே பதில் வைத்தேன். "இந்த நாவலில் ஆசிரியர் கோபுரத்தையும் ஆற்றையும் வர்ணிக்காமல், திண்ணையில் இருக்கும் மனிதர்களை மட்டும் பார்த்திருக்கிறார். அவருடைய முந்திய நாவல்களைப் பற்றி இந்த மதிப்புரை ஒன்றும் கூறவில்லை" என்று அடுத்த இதழில் வெளியாயிற்று. ஒரு மூலையில், சின்ன எழுத்தில்.

மதிப்புரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்த மூலையைப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இளைஞர் பார்த்தார். ஒரு கார்டு போட்டிருந்தார். வந்தனம் சொல்லிவிட்டு, அடியில் ஒரே ஒரு வரி: "அண்ணாவிடம் காட்டினேன். முதல் இரண்டு புத்தகங்களையும் நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னார்."

நான் படித்திருக்கவில்லை. நான் போட்ட அந்த 'மட்டும்' கேட்டதே அந்தப் படிப்பைத்தான். இரண்டு புத்தகங்களையும் தருவித்து, இப்போது முதலாவதில் எண்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். அதிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.